கைப்பேசியில் குறைந்த விலையைக் காட்டும் வாடிக்கையாளருக்கு என்ன பதில் சொல்வது?

வீட்டு உபயோகப் பொருள் கடையில் விற்பனையாளராகச் சேர்ந்த முதல் வாரத்திலேயே இது நடந்துவிடும். அரை மணி நேரம் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுக்கொண்ட ஒருவர், விலையைச் சொன்னதும் கைப்பேசியை எடுத்து நம் முன் நீட்டி, "இதே மெஷின் இதுல 14,990 போட்டிருக்கு, நீங்க 17,900 சொல்றீங்களே தம்பி?" என்று கேட்பார். அவர் கேட்பதில் தவறு ஒன்றும் இல்லை. ஒரே பொருளுக்கு இரண்டு விலை தெரியும்போது காரணம் கேட்பது எவருக்கும் இயல்பு. திண்டுக்கல்லில் ஒரு கடையில் பத்தொன்பது ஆண்டுகளாக வாஷிங் மெஷின் பகுதியில் நிற்பவன் என்ற முறையில், அந்தக் கேள்விக்கு நாங்கள் எப்படிப் பதில் சொல்லப் பழகினோம் என்பதை, 7 கிலோ டாப் லோட் இயந்திரம் ஒன்றின் கணக்கை எடுத்துக்கொண்டு படிப்படியாக எழுதுகிறேன்.

முதலில், வாயிலிருந்து தானாக வந்துவிழும் இரண்டு பதில்களைத் தவிர்க்க வேண்டும். ஒன்று, "அது டூப்ளிகேட்டாக இருக்கும்" என்பது. மற்றொன்று, "ஆன்லைனில் வாங்கினால் வாரண்டி கிடையாது" என்பது. இரண்டாவதை நானே சொல்லியிருக்கிறேன். நான் வேலைக்கு வந்து மூன்றாம் ஆண்டோ நான்காம் ஆண்டோ, வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரிடம் அப்படிச் சொன்னேன். அவர் ஒன்றும் வாதாடவில்லை. அங்கேயே நின்று, இயந்திரத்தின் மேல் ஒட்டியிருந்த சேவை மைய எண்ணுக்கு ஒலிபெருக்கியைப் போட்டு அழைத்தார். பில்லும் வரிசை எண்ணும் இருந்தால் எங்கே வாங்கியிருந்தாலும் வாரண்டி உண்டு என்று மறுமுனையில் ஒரு பெண் தெளிவாகச் சொன்னார். கடையில் இருந்த மற்ற இரண்டு குடும்பங்களும் அதைக் கேட்டன. பெரியவர் என்னைப் பார்த்து, "சரி தம்பி, அப்ப விலையும் இப்படித்தான் சொன்னியா?" என்று கேட்டுவிட்டு வெளியே போனார். நான் அதுவரை அவரிடம் சொன்ன உண்மையான தகவல்கள் அத்தனையும் அந்த ஒரு பொய்யோடு போய்விட்டன. பெரும்பாலான நிறுவனங்களின் வாரண்டி, பொருளுக்கும் முறையான பில்லுக்கும் உரியது. வாங்கிய இடத்துக்கு உரியது அன்று. ஒரு குறிப்பிட்ட நிறுவனம் அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் வாங்கியதற்கு மட்டுமே வாரண்டி தருகிறது என்றால், அது வாரண்டி அட்டையில் அச்சாகியிருக்கும்; அந்த வரியைக் காட்ட முடிந்தால் மட்டும் அதைப் பற்றிப் பேசலாம்.

திரையைச் சேர்ந்து படித்தல்

அவர் கைப்பேசியை நீட்டியதும் செய்ய வேண்டிய முதல் வேலை, "பார்க்கலாமா சார்?" என்று கேட்டு, அவர் பக்கத்தில் நின்று, இருவரும் சேர்ந்து அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழாகப் படிப்பது. எதிரில் நின்று படிக்காதீர்கள். பக்கத்தில் நின்றால் இருவரும் ஒரே பொருளை ஆராய்கிறோம் என்ற நிலை வரும். எதிரில் நின்றால் அவர் சொன்னதை நாம் சோதிப்பதுபோல் தோன்றும். கைப்பேசியை நம் கையில் வாங்கிக்கொள்வதும் வேண்டாம், அவர் கையிலேயே இருக்கட்டும்.

முதலில் மாடல் எண். பக்கத்தின் தலைப்பில் இருக்கும் பெயரை நம்ப வேண்டாம், கீழே விவரப் பட்டியலில் இருக்கும் முழு எண்ணைப் பார்க்க வேண்டும். நம் இயந்திரத்தின் பின்புறம் ஒட்டியிருக்கும் தகட்டிலும் அதே எண் இருக்கிறதா என்று அவருக்குக் காட்டிக்கொண்டே ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட வேண்டும். கடைசி இரண்டு மூன்று எழுத்துகள் நிறத்தை மட்டும் குறிப்பவையாக இருக்கலாம். அப்படியானால் "நிறம்தான் வேறு, இயந்திரம் ஒன்றுதான்" என்று நாமே சொல்லிவிட வேண்டும். சில நேரங்களில் அந்த எழுத்துகள் உள்ளே தண்ணீரைச் சூடாக்கும் ஹீட்டர் இருப்பதையோ, மூடி கண்ணாடியா பிளாஸ்டிக்கா என்பதையோ குறிக்கும். குளிர்சாதனப் பெட்டியில் இந்தக் குழப்பம் இன்னும் அதிகம். 2 நட்சத்திரமும் 3 நட்சத்திரமும் நிறத்திலும் உயரத்திலும் அச்சாக ஒன்றுபோல் இருக்கும், நட்சத்திர லேபிளைப் பார்த்தால்தான் தெரியும். மாடல் வேறு என்று தெரிந்தால் பேச்சு அங்கேயே எளிதாகிவிடும். ஆனால் இந்தக் கட்டுரை, மாடல் ஒன்றேதான் என்று தெரிந்த பிறகு என்ன செய்வது என்பதைப் பற்றியது. பாதி நேரத்துக்கு மேல் அது ஒன்றாகத்தான் இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்து, எந்த ஊருக்கான விலை என்பது. பின்கோடு பதியாமல் பார்க்கும் பக்கத்தில் பொருள் நம் ஊருக்கு வருமா, என்றைக்கு வரும், கொண்டுவர எவ்வளவு கூலி என்பது தெரியாது. "உங்கள் வீட்டுப் பின்கோடைப் போட்டுப் பாருங்களேன்" என்று சொன்னால் அவரே போடுவார். விலை மாறாமலும் இருக்கலாம். மாறாவிட்டால் மாறவில்லை என்றே ஏற்றுக்கொள்ள வேண்டும். அவர் காட்டுவது முன்பு எடுத்த பழைய ஸ்கிரீன்ஷாட்டாக இருந்தால், அந்தப் பக்கத்தை இப்போது ஒருமுறை திறக்கச் சொல்லலாம். விற்பவர் யார் என்பதும் அதே பக்கத்தில் இருக்கும். மின்வணிகத்துக்கான நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் 2020இல் வந்தபின், விற்பவரின் பெயரையும் முகவரியையும் வாங்குபவருக்குத் தெரியும்படி காட்ட வேண்டும் என்பது கட்டாயம். பிரித்துப் பார்த்துத் திருப்பி அனுப்பப்பட்ட பொருள் அல்லது சீர்செய்த பொருள் என்ற குறிப்பு இருந்தால் அதுவும் அங்கேயே சிறிய எழுத்தில் இருக்கும்.

கடைசியாக, பெரிய எழுத்தில் இருக்கும் விலை எதிலிருந்து வந்தது என்பதைப் பார்க்க வேண்டும். புதியவர்கள் அதிகம் கோட்டைவிடுவது இங்கேதான். பல பக்கங்களில் முதலில் கண்ணில் படுவது எல்லாத் தள்ளுபடியும் கழித்த பிறகு வரும் தொகை. அதில் ஒரு வங்கியின் கிரெடிட் கார்டுக்கு மட்டும் உரிய கழிவு இருக்கலாம், பழைய இயந்திரத்தைக் கொடுத்தால் கிடைக்கும் தொகை இருக்கலாம், கூப்பன் இருக்கலாம். ஒவ்வொன்றையும் தொட்டு, "இந்தக் கார்டு உங்களிடம் இருக்கிறதா மேடம்?" என்று கேட்க வேண்டும். இதைக் குற்றம் கண்டுபிடித்த தொனியில் கேட்காதீர்கள். அவரிடம் அந்தக் கார்டு இருந்தால் அந்த விலை அவருக்கு உண்மையான விலைதான்.

இரண்டு விலைகளையும் ஒரே தட்டில் வைத்தல்

நான் எடுத்துக்கொண்ட இயந்திரத்துக்கு வருவோம். பெரிய எழுத்தில் 14,990 ரூபாய். விரித்துப் பார்த்தால் இயந்திரத்தின் விலை 16,490 ரூபாய், அதில் ஒரு குறிப்பிட்ட வங்கியின் கிரெடிட் கார்டுக்கு 1,500 ரூபாய் கழிவு. வாடிக்கையாளரிடம் அந்தக் கார்டு இல்லை. ஆகவே அவருக்கு அது 16,490 ரூபாய். வீட்டுக்குக் கொண்டுவரக் கூலி இல்லை. நம் விலை 17,900 ரூபாய். அதில் இரும்பு ஸ்டாண்டும், முதல் மாடிவரை ஏற்றி வைப்பதும் அடக்கம். ஸ்டாண்டை அவர் தனியாக வாங்கினால் ஏறத்தாழ 700 ரூபாய் ஆகும். ஆகவே அங்கே வாங்கினால் 17,190, இங்கே வாங்கினால் 17,900. பேச்சு 2,910 ரூபாய் இடைவெளியில் தொடங்கியது. உண்மையான இடைவெளி 710 ரூபாய்.

இந்தக் கணக்கை வாயால் சொல்லாமல் ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். பில் புத்தகத்தின் பின்பக்கம் போதும். இடப்பக்கம் அவருடைய விலை, வலப்பக்கம் நம் விலை, கீழே மொத்தம். எழுதும்போது ஒன்றை மறக்கக் கூடாது: அவருக்குத் தேவைப்படாத எதையும் நம் பக்கத்தில் மதிப்பாக ஏற்றக் கூடாது. அவர் வீட்டில் ஏற்கெனவே ஸ்டாண்டு இருந்தால் அந்த 700 ரூபாயைக் கணக்கில் சேர்ப்பது ஏமாற்று. அப்போது இடைவெளி 1,410 ரூபாய் என்றுதான் எழுத வேண்டும். அதேபோல், இந்த இயந்திரத்தை வீட்டுக்கு வந்து பொருத்துவது நிறுவனத்தின் ஊழியர்தான். எங்கே வாங்கினாலும் அவரே வருவார். அதை நம் கடையின் சலுகைபோல் காட்டினால், அந்த ஊழியரே வீட்டில் உட்கார்ந்து டீ குடிக்கும்போது உண்மையைச் சொல்லிவிடுவார்.

நம் பக்கம் உண்மையாகவே எழுதத்தக்கவை சில உண்டு, ஆனால் அவற்றைச் செய்தால்தான் எழுதலாம். வாஷிங் மெஷின் வாங்க வருபவரிடம் நான் எப்போதும் குழாய் இருக்கும் இடத்தைப் படம் எடுத்துக் காட்டச் சொல்வேன். குழாயின் வாயில் மரை இல்லாமல் வழுவழுப்பாக இருந்தால் அதற்குத் தனி இணைப்பான் வேண்டும். அது இல்லாவிட்டால் பொருத்த வந்த ஊழியர் திரும்பிப் போய்விடுவார். தண்ணீர்த் தொட்டி மொட்டைமாடியில் தரையோடு இருந்து, இயந்திரமும் மேல் மாடியிலேயே வைக்கப்படுமானால் தண்ணீர் வேகம் போதாமல் இயந்திரம் நிரம்பவே வெகுநேரம் ஆகும். சில இயந்திரங்கள் பிழை காட்டி நின்றுவிடும். இதை முன்கூட்டியே பார்த்துச் சொல்வது நாம் செய்யும் வேலை. வாடிக்கையாளரிடம் இதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு விலைப் பேச்சு வந்தால், நாம் எதற்குக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கிறோம் என்பது அவருக்குத் தனியாகச் சொல்லாமலே விளங்கும்.

நாம் எதுவரை இறங்கலாம் என்று தெரிந்திருத்தல்

பதில் சொல்வதற்கு முன் நம் அடக்க விலை தெரிந்திருக்க வேண்டும். பல கடைகளில் புதிய ஊழியருக்கு அடக்க விலையைச் சொல்ல மாட்டார்கள். அப்படியானால் ஒவ்வொரு மாடலுக்கும் இறங்கக்கூடிய கடைசி விலையையாவது காலையில் முதலாளியிடம் கேட்டு எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். வாடிக்கையாளரை நிறுத்தி வைத்துவிட்டு மூன்று முறை கல்லாவுக்கும் இயந்திரத்துக்கும் நடந்தால், நான்காவது முறையும் நடந்தால் இன்னும் குறையும் என்றுதான் அவர் நினைப்பார்.

அடக்க விலை தெரிந்தவர்களும் ஓர் இடத்தில் தவறுகிறார்கள். இந்த இயந்திரத்தை வரியோடு சேர்த்து 15,850 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். 17,900க்கு விற்றால் 2,050 ரூபாய் லாபம் என்று தோன்றும். ஆனால் இரண்டு விலைகளிலும் 18 சதவீத ஜி.எஸ்.டி. உள்ளே இருக்கிறது. விற்ற விலையில் உள்ள வரிக்கும் வாங்கிய விலையில் உள்ள வரிக்கும் உள்ள வேறுபாட்டை நாம் அரசுக்குச் செலுத்த வேண்டும். ஆகவே 2,050ஐ 1.18ஆல் வகுக்க வேண்டும்; கிடைப்பது 1,737 ரூபாய். அதிலிருந்து ஸ்டாண்டின் கொள்முதல் 450, வண்டிக்கும் இரண்டு ஆட்களின் ஏற்றுகூலிக்கும் 300 போனால் மிஞ்சுவது 987 ரூபாய். கடை வாடகை, மின்சாரம், நம் சம்பளம் எல்லாம் இதிலிருந்துதான்.

எங்கள் முதலாளி இத்தகைய இயந்திரத்தில் குறைந்தது 400 ரூபாய் நிற்க வேண்டும் என்று சொல்லியிருந்தால், இறங்கக்கூடிய எல்லை 17,250 ரூபாய். சரிபார்ப்போம்: 17,250இல் 15,850 போக 1,400, அதை 1.18ஆல் வகுத்தால் 1,186. செலவு 750 போக 436. இன்னும் நூறு ரூபாய் இறங்கினால் எல்லை உடைந்துவிடும். இந்தக் கணக்கில் வாடிக்கையாளர் கிரெடிட் கார்டில் தேய்த்தால் வங்கி பிடிக்கும் கழிவைச் சேர்க்கவில்லை. எங்கள் கடையில் அது 2 சதவீதத்தை ஒட்டி வருகிறது. 17,250க்கு அது 345 ரூபாய், அதாவது மிஞ்சிய லாபத்தில் பெரும்பகுதி. ஆகவே எல்லை விலையைச் சொல்லும்போதே "யு.பி.ஐ. அல்லது ரொக்கம் என்றால் இந்த விலை" என்று சொல்ல வேண்டும். ஒப்புக்கொண்ட பிறகு கார்டை எடுக்கும்போது சொன்னால் சண்டை வரும்.

பதிலைச் சொல்லும் முறை

இப்போது பதில். அது மூன்று வாக்கியங்களுக்கு மேல் போக வேண்டியதில்லை. முதலில் அவர் சொன்னது சரி என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அடுத்து உண்மையான இடைவெளியைச் சொல்ல வேண்டும். பிறகு நம்மால் முடிந்த ஒரே விலையை ஒரே முறை சொல்ல வேண்டும். நான் சொல்வது இப்படி இருக்கும்:

"நீங்கள் காட்டியது இதே மாடல்தான் மேடம், விலையும் சரிதான். ஸ்டாண்டையும் சேர்த்தால் அங்கே 17,190 வருகிறது, எங்களிடம் 17,900. நான் 17,250க்குத் தருகிறேன், ஸ்டாண்டும் மாடியில் ஏற்றி வைப்பதும் இதில் அடக்கம், யு.பி.ஐ.யில் கொடுத்துவிடுங்கள், இதற்குக் கீழே என்னால் முடியாது."

சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். இந்த மௌனம்தான் புதியவர்களுக்கு மிகவும் கடினமானது. வாடிக்கையாளர் கணவரைப் பார்ப்பார், இயந்திரத்தின் மூடியைத் திறந்து மூடுவார், கைப்பேசியை மறுபடி பார்ப்பார். அந்த அரை நிமிடத்தில் பதறிப்போய், "சரி, 17,100ஆவது கொடுங்கள்" என்று நாமே இறங்கினால், 17,250 கடைசி விலை என்று சொன்னது பொய் என்று அவருக்குத் தெரிந்துவிடும். அதன்பின் 17,100ஐயும் அவர் நம்ப மாட்டார். 16,000க்குக் கேட்பார், அதில் நியாயமும் இருக்கும். படிப்படியாக இறங்கும் ஒவ்வொரு விலையும் அதற்கு முன் சொன்ன விலையைப் பொய்யாக்குகிறது. அவர் மீண்டும் கேட்டால், "முடிந்திருந்தால் முதலிலேயே சொல்லியிருப்பேன் மேடம்" என்பது போதும், அதைச் சிரித்த முகத்தோடு சொல்ல வேண்டும்.

விலையை இறக்க முடியாதபோது பொருளாக ஏதாவது கொடுப்பது வழக்கம்: இயந்திரத்துக்கு உறை, ஒரு பெட்டி சலவைத்தூள். இது நல்ல வழிதான், ஆனால் விலை சொன்ன அதே மூச்சில் கொடுக்க வேண்டும். அவர் வாசல்வரை போன பிறகு கூப்பிட்டுக் கொடுத்தால், போகாமல் இருந்திருந்தால் கிடைத்திருக்காது என்ற எண்ணத்தைத்தான் அவர் வீட்டுக்கு எடுத்துப் போவார்.

அவரிடம் அந்தக் கார்டு இருந்தால்

இதே கணக்கில் வாடிக்கையாளரிடம் அந்த வங்கியின் கார்டு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது முதலில் நம் கடையின் கார்டு இயந்திரத்தில் அதே வங்கிக்கு ஏதாவது சலுகை ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். பண்டிகைக் காலங்களில் நிறுவனங்கள் கடைகளில் தவணைக்கு வாங்குபவருக்கும் கேஷ்பேக் தருவதுண்டு. நம் கல்லாவில் இருப்பவருக்குத் தெரிந்திருக்கும், நமக்குத் தெரிந்திருக்காது. அத்தகைய சலுகை இல்லை என்றால், அங்கே 14,990, ஸ்டாண்டோடு 15,690. நம் அடக்க விலையே 15,850. அந்த விலைக்கு நம்மால் தரவே முடியாது.

இந்த இடத்தில் நான் வாடிக்கையாளரிடம், "இந்த விலை எங்கள் கொள்முதலைவிடக் குறைவு மேடம், உங்களிடம் கார்டும் இருக்கிறது, அங்கேயே வாங்குவது உங்களுக்கு லாபம்" என்று சொல்லிவிடுவேன். இது வியாபாரத்தை விட்டுக்கொடுப்பதுபோல் தோன்றும். ஆனால் அந்த வியாபாரம் நம் கையில் இல்லவே இல்லை. நாம் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அவர் அங்கேதான் வாங்குவார். சொன்னால், எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். பெட்டி நசுங்கியிருக்கிறதா என்று வண்டிக்காரர் போவதற்கு முன்பே பார்க்க வேண்டும், பிரிப்பதைக் கைப்பேசியில் படம் பிடிக்க வேண்டும், பெட்டியில் உள்ள வரிசை எண்ணும் இயந்திரத்தில் உள்ளதும் ஒன்றா என்று பார்க்க வேண்டும், விற்றவரின் ஜி.எஸ்.டி. எண்ணோடு பில் வந்திருக்கிறதா என்று பார்த்து எடுத்துவைக்க வேண்டும், நிறுவனத்தின் ஊழியர் வரும்வரை தாமே குழாயில் இணைக்கக் கூடாது. போன ஐப்பசியில் இப்படி அனுப்பிவைத்த ஓர் அம்மா ஒரு வாரம் கழித்து வந்து, 700 ரூபாய்க்கு ஸ்டாண்டும், குழாய் இணைப்பானும், கூடவே மகள் வீட்டுக்கு ஒரு மிக்சியும் வாங்கிப் போனார். மிக்சிக்கு அவர் கைப்பேசியை எடுக்கவே இல்லை.

அடக்க விலைக்கும் கீழே வெளியில் விற்கும் மாடல்களைக் குறித்துவைத்து, தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து முதலாளிக்கு அனுப்ப வேண்டும். விநியோகஸ்தரின் ஆள் வரும்போது முதலாளி அதைக் காட்டிப் பேசுவார். சில நேரம் அந்த மாடலுக்கு, விலையில் ஒரு பகுதியை நம் கணக்கில் வரவு வைக்கும் கிரெடிட் நோட் கிடைக்கும், அடுத்த வாரம் நம் எல்லை விலையே இறங்கும். எந்த மாடலை இனி அதிகம் எடுக்கக் கூடாது என்பதும் அந்தப் படங்களிலிருந்து அவருக்குத் தெரியும்.

வாட்ஸ்ஆப்பில் கேட்டால்

இப்போதெல்லாம் பாதிக் கேள்விகள் ஸ்கிரீன்ஷாட்டாக வாட்ஸ்ஆப்பில்தான் வருகின்றன. இங்கே முகம் தெரியாது, ஆகவே எழுதும் ஒவ்வொரு சொல்லும் நேரில் சொல்வதைவிடக் கடுமையாகப் படும். "எங்களுக்குக் கட்டுப்படியாகாது" என்று ஒற்றை வரியில் அனுப்பினால் அத்தோடு முடிந்தது. எழுதியது அப்படியே வேறு குழுக்களுக்குப் போகும் என்பதையும் நினைவில் வைத்து, எவர் படித்தாலும் நிற்கக்கூடியதை மட்டும் எழுத வேண்டும். நாங்கள் அனுப்பும் பதிலின் மாதிரி இது:

"வணக்கம் மேடம். நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பதும் எங்களிடம் இருப்பதும் ஒரே மாடல்தான். அதில் உள்ள 14,990 ரூபாய், அங்கே குறிப்பிட்டுள்ள வங்கியின் கிரெடிட் கார்டுக்கான விலை. கார்டு இல்லாமல் 16,490 ரூபாய். எங்கள் விலை 17,250 ரூபாய். இதில் ஸ்டாண்டு, முதல் மாடிவரை ஏற்றி வைப்பது, ஜி.எஸ்.டி. பில் எல்லாம் அடங்கும். யு.பி.ஐ. அல்லது ரொக்கத்துக்கு இந்த விலை, சனிக்கிழமைவரை இருக்கும். உங்களிடம் அந்தக் கார்டு இருக்கிறதா என்று சொல்லுங்கள், அதற்கேற்ப எது உங்களுக்கு நல்லது என்று சொல்கிறேன்."

இதில் சனிக்கிழமைவரை என்று எழுதியிருப்பது மிரட்டுவதற்காக இல்லை. தேதி போடாத விலை மூன்று மாதம் கழித்து, நிறுவனம் விலையை ஏற்றிய பிறகு, நம்மிடமே திரும்பி வரும்.

பக்கத்துக் கடையின் மதிப்பீட்டுச் சீட்டு

சிலர் ஆன்லைன் விலைக்குப் பதிலாக, அடுத்த தெருக் கடையில் எழுதி வாங்கிய சீட்டைக் காட்டுவார்கள். அணுகுமுறை ஒன்றுதான், ஒரு கேள்வி மட்டும் கூடுதலாக வேண்டும்: அந்த விலைக்கு ஜி.எஸ்.டி. பில் உண்டா? பில் இல்லாத விலையோடு நம் பில் விலையை ஒப்பிட முடியாது. மோட்டார் பழுதாகும் நாளில் சேவை மையம் முதலில் கேட்பது பில்லைத்தான். இதைக் கேள்வியாக மட்டும் கேட்டு, "அங்கே கேட்டுப் பாருங்கள் சார்" என்று விட்டுவிட வேண்டும். அந்தக் கடைக்காரரைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லக் கூடாது. அவரும் நாளை நம் சீட்டைக் கையில் வாங்கிப் பார்ப்பார்.

விற்ற பிறகு

ஒருவருக்கு விலையை இறக்கிக் கொடுத்தால், அன்றைக்கே ஒரு குறிப்பேட்டில் தேதி, மாடல், அவர் காட்டிய விலை, நாம் கொடுத்த விலை, காரணம் ஆகியவற்றை எழுதிவைக்க வேண்டும். காரணம் என்ற இடத்தில் "கேட்டார்" என்று எழுத வேண்டிய நிலை வந்தால், அந்த இறக்கம் தேவையற்றது என்று பொருள். இரண்டு நாள் கழித்து அவருடைய மைத்துனர் வந்து, "மாமாவுக்கு 17,250க்குக் கொடுத்தீங்களாமே?" என்று கேட்கும்போது அந்தக் குறிப்பேடு உதவும். காரணம் அவருக்கும் பொருந்தினால் அதே விலையைக் கேட்காமலே கொடுக்க வேண்டும். மாமா வாங்கிய வாரத்தில் வெளியில் 16,490ஆக இருந்த விலை இப்போது 17,600 ஆகியிருந்தால், அதையும் அவர் கைப்பேசியிலேயே சேர்ந்து பார்த்துவிட்டு இன்றைய விலையைச் சொல்லலாம்.